வாடகை 10 சதவீதமா, 40 சதவீதமா?

கேள்வி: மூன்று மாத வீட்டுச் செலவை எக்ஸெலில் பிவட் டேபிளாகப் போட்டேன். இடப்பக்கம் செலவு வகைகள், மேலே மாதங்கள். மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கைப் பார்க்க % of Grand Total கொடுத்தேன். ஜனவரியில் 30,000 செலவானதில் வாடகை மட்டும் 12,000. ஆனால் 10 சதவீதம் என்று காட்டுகிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: எக்ஸெல் சரியாகத்தான் வகுத்திருக்கிறது. எதால் வகுத்தது என்பதில்தான் குழப்பம். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் ஜனவரி, பிப்ரவரி இரண்டும் 30,000. மார்ச்சில் ஆண்டுக் கட்டணமாக 30,000 கூடுதலாகக் கட்டியதால் 60,000. ஆக மொத்தம் 1,20,000. Grand Total என்றால் இந்த 1,20,000தான். ஜனவரி வாடகை 12,000ஐ அதால் வகுத்தால் 10 சதவீதம் வரும்.

உங்களுக்கு வேண்டியது அந்தந்த மாத மொத்தத்தில் பங்கு. பிவட் டேபிளில் ஏதாவது ஒரு தொகைமேல் ரைட் கிளிக் செய்து, Show Values As போய், % of Column Total கொடுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் பிவட் எடிட்டரில் Values பகுதியில் Show as என்பதன் கீழ் % of column. இப்போது ஜனவரி வாடகை 40 சதவீதம் ஆகிவிடும்.

பிவட் இல்லாமல் ஃபார்முலா போடுபவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வகைகள் 2 முதல் 6 வரையான வரிசைகளில், மொத்தம் 7ஆம் வரிசையில், மூன்று மாதங்கள் B, C, D பத்திகளில், கூட்டுத்தொகை E பத்தியில் இருந்தால்:

```
=B2/B$7      மாத மொத்தத்தில் பங்கு
=B2/$E$7     மூன்று மாத மொத்தத்தில் பங்கு
```

டாலர் குறியே போடாமல் கீழே இழுத்தால் அடுத்த வரி B8ஐத் தேடிப்போய் #DIV/0! காட்டும். அது கண்ணுக்குத் தெரியும் பிழை, பயமில்லை. $B$7 என்று போட்டு வலப்பக்கம் இழுப்பதுதான் ஆபத்து. மார்ச் செலவையும் ஜனவரி மொத்தத்தால் வகுத்துவிடும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு மாதத்தின் சதவீதங்களையும் கூட்டிப் பாருங்கள். 100 வரவேண்டும். இந்தப் பிழை இருந்தால் மார்ச்சில் 200 வரும்.

சரி, மாதப் பங்கு வந்தாயிற்று. அதைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் வாடகை ஜனவரி, பிப்ரவரியில் 40 சதவீதம், மார்ச்சில் 20. வாடகை குறைந்ததா? ஒரு பைசாகூடக் குறையவில்லை. கட்டணம் வந்து மொத்தத்தை இரட்டிப்பாக்கியதால் மற்ற எல்லா வகைகளின் பங்கும் பாதியாகத் தெரிகிறது. பங்கை மட்டும் பார்த்து ‘இந்த மாதம் மளிகையில் மிச்சம் பிடித்தோம்’ என்று சந்தோஷப்படுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். எனவே தொகை என்ற புலத்தை Values பகுதிக்கு இரண்டு தடவை இழுத்துப் போடுங்கள். ஒன்று தொகையாகவே இருக்கட்டும், இன்னொன்றைச் சதவீதமாக மாற்றுங்கள். அட்டவணை அகலமாகும், பரவாயில்லை.

மூன்று மாதத்துக்கும் சேர்த்து வாடகையின் பங்கு வேண்டுமென்றால் 40, 40, 20 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். 33.3 என்று வரும், அது தவறு. 36,000ஐ 1,20,000ஆல் வகுத்தால் கிடைக்கும் 30 சதவீதம்தான் சரி. வலக்கோடியில் இருக்கும் கூட்டுப் பத்தியிலேயே அது இருக்கும். நீங்கள் முதலில் கொடுத்த % of Grand Totalலும் அந்தப் பத்தி 30 என்றுதான் காட்டியிருக்கும்.

சதவீதத்தை நம்புவதற்குமுன் அந்த மொத்தத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கிய பொருட்களை வகைவாரியாக எழுதிவிட்டு, கார்டு பில் கட்டியதையும் ஒரு செலவாக எழுதியிருந்தால் ஒரே பணம் இரண்டு தடவை ஏறியிருக்கும். அப்படி 6,000 கூடுதலாக ஏறினால் ஜனவரி மொத்தம் 36,000 ஆகி, வாடகை 33.3 சதவீதமாகத் தெரியும். சேமிப்புக் கணக்குக்கு மாற்றிய பணமும் செலவு இல்லை. அந்த வரிகளை ஃபில்டரில் நீக்கினால் பிவட் மீதியிருப்பதை வைத்தே மொத்தத்தைத் திரும்பக் கணக்கிடும், இங்கே அதுதான் நமக்கு வேண்டும். ஆனால் கட்டணத்தை மறைத்துப் பார்க்க அதே ஃபில்டரைப் போட்டால் அப்போதும் மொத்தம் சுருங்கும். பார்த்து முடித்ததும் ஃபில்டரை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் திறக்கும்போது அந்தச் சதவீதங்களையே முழுச் செலவின் பங்கு என்று எடுத்துக்கொள்வீர்கள்.