20 ரூபாய் படமா, 35 ரூபாய் படமா?

கேள்வி: எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வைத்திருக்கிறேன். 60 புடவைப் படங்களுக்குப் பின்னணி நீக்கித் தர ஒருவர் படத்துக்கு 20 ரூபாய் கேட்கிறார், PNG தருவாராம். இன்னொருவர் 35 ரூபாய், PSD என்ற ஃபோட்டோஷாப் ஃபைலில் மாஸ்க்கோடு தருகிறேன் என்கிறார். பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எதற்கு 900 ரூபாய் அதிகம் தர வேண்டும்?
— பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்

பதில்: வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தீபாவளிக்கு அந்த 20 ரூபாய் PNG-க்கு மெரூன் பின்னணி போடுங்கள், அப்போது தெரியும் வண்டவாளம். முந்தானைக் குஞ்சத்தில் பாதி நூல் காணாமல் போயிருக்கும், மீதி நூலைச் சுற்றிப் பழைய சுவரின் வெளிர் நிறம் கோடு போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

அழிப்பான் வைத்து அழித்த இடத்தில் படமே கிடையாது. ஃபைலை மூடிவிட்டால் அன்டூவும் போச்சு. அந்த நூல் திரும்ப வேண்டுமென்றால் மூலப் படத்தைத் தேடி எடுத்து, அதே அளவில் அதே இடத்தில் பொருத்தி, மறுபடி வெட்ட வேண்டும். மாஸ்க் என்பது படத்தின் மேல் போடும் திரை மாதிரி, அடியில் படம் முழுசாக இருக்கும். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். குஞ்சம் போய்விட்டதா? மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மென்மையான ஓரமுள்ள சின்ன பிரஷில் வெள்ளை எடுத்து அந்த இடத்தில் பூசினால் போதும். வெளிர் கோட்டுக்கு ஓரத்தில் மெல்லிசாகக் கறுப்பு. அதிகமாகிவிட்டால் திரும்ப வெள்ளை. பின்னணி கீழே தனி லேயராக இருப்பதால் ஆடித் தள்ளுபடிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் PSD என்று பெயர் இருந்தாலே மாஸ்க் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். அழித்துவிட்டு அதையே PSD-யாகச் சேமித்துத் தருகிறவர்களும் உண்டு. இன்னும் கெட்டிக்காரர்கள் அழித்த படத்தின் மேலேயே ஒரு மாஸ்க்கை ஒப்புக்கு ஒட்டித் தருவார்கள். சோதிப்பது சுலபம். ஃபோட்டோஷாப் இல்லாவிட்டால் photopea.com-இல் இலவசமாகத் திறக்கலாம். லேயர் பட்டியலில் படத்துக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் இன்னொரு சின்னப் படம் தெரிய வேண்டும். Shift-ஐ அழுத்திக்கொண்டு அதைக் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக விலகும், உங்கள் கடைச் சுவர் அப்படியே திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் அது அழித்த படம்தான்.

சரி, 60 படத்துக்கும் 35 கொடுக்க வேண்டுமா என்றால், தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இந்த வாரம் போட்டு விற்றுத் தீர்க்கிற சரக்குக்கு 20 ரூபாய் PNG தாராளம். குஞ்சம், வலை, மெல்லிய நெட் துணி இருக்கிறதும், வருஷம் முழுக்க ஓடுகிறதுமான ரகங்களை மட்டும் பிரித்து மாஸ்க்குக்குக் கொடுங்கள். முதலில் ஒரே ஒரு குஞ்சம் வைத்த புடவையைக் கொடுத்து, அந்த ஃபைலைச் சோதித்துப் பார்த்த பிறகு மீதிக்கு முன்பணம் கொடுங்கள்.