பெயரை நீக்கியும் பழைய அறிக்கைகளில் தெரிகிறது

"என் செய்திமடல் வாசகர் ஒருவர் தன் விவரங்களை முழுவதும் அழிக்கச் சொன்னார். மெயில்சிம்ப்பில் ஆர்க்கைவ் செய்துவிட்டேன். பழைய அறிக்கைகளில் அவர் முகவரி இன்னும் இருக்கிறதே?"

வணக்கம். ஆர்க்கைவ் என்பது பட்டியலிலிருந்து ஒதுக்கி வைப்பது மட்டுமே. விவரங்கள் அப்படியே இருக்கும். அந்த வாசகரின் பக்கத்தைத் திறந்து `Permanently delete` என்பதைத் தேர்ந்தெடுத்தால், அறிக்கைகளில் திறப்பு, கிளிக் எண்ணிக்கைகள் அப்படியே இருந்தாலும் அவை யாருடையவை என்ற அடையாளம் நீங்கிவிடும். அதன்பின் அவரை நீங்களாகச் சேர்க்க இயலாது. அவரே பதிவுப் படிவம் வழியாக வந்தால்தான் உண்டு.

உண்மையான தொல்லை நீங்கள் ஏற்கெனவே தரவிறக்கிய கோப்புகளில்தான் இருக்கிறது, ஏனெனில் கருவியில் அழிப்பது அவற்றைத் தொடாது. லினக்ஸ் அல்லது மேக் என்றால் இப்படித் தேடலாம்:

```
grep -rliF "vasagar@example.com" ~/Downloads ~/Documents
```

பட்டியல் ஏற்றுமதி ஜிப் கோப்பாக வருவதாலும், எக்செல் கோப்பும் உள்ளே சுருக்கப்பட்டிருப்பதாலும், இந்தத் தேடல் அவற்றுக்குள் எட்டாது. எதுவும் கிடைக்கவில்லை என்று நிம்மதி அடையாமல், ஜிப்பைப் பிரித்தும் எக்செல்லைத் திறந்தும் பாருங்கள். பழைய பட்டியல் ஏற்றுமதியை வரி வரியாகத் திருத்துவதைவிட மொத்தமாக அழிப்பதே மேல் என்பது என் கருத்து, ஏனெனில் பின்னாளில் வேறொரு கருவிக்கு மாறும்போது அந்தக் கோப்பை ஏற்றினால் அவர் மீண்டும் பட்டியலுக்குள் வந்துவிடுவார். அறிக்கைக் கோப்புகளில் மொத்த எண்கள் தேவையென்றால், அவற்றைத் தனியே குறித்துக்கொண்டு, முகவரிகள் உள்ள தாளை நீக்குங்கள். கடைசியாக, 'புதிய சந்தாதாரர்' என்று உங்களுக்கு வந்த அறிவிப்பு மின்னஞ்சலையும் தேடி அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.