அரைச்சுவர் மேல் கிரானைட்: கண்ணில் படாத தாங்கி எதில் தாங்குகிறது?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சமையலறைக்கும் சாப்பாட்டு இடத்துக்கும் நடுவே 1.05 மீட்டர் உயரத்தில் ஒரு செங்கல் அரைச்சுவர் இருக்கிறது. அதன் மேல் 1.8 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலத்தில் 30 மி.மீ. கிரானைட் போட்டு, வெளிப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார ஆசை. கீழே காலோ முட்டுக்கட்டையோ தெரியக்கூடாது. தட்டையான இரும்புப் பட்டை வைத்தால் போதும் என்கிறார்கள். போதுமா? கல்லுக்குப் பதில் மரம் போட்டால் மாறுமா?

பதில்:

போதாது. பட்டை உடைந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் அளவில் முதல் சந்தேகம் கல்லின் மேலும் இல்லை, இரும்பின் மேலும் இல்லை, அந்தச் சுவரின் மேல்தான். டர்பனில் பல வருடமாகச் சமையலறை வேலை செய்கிறேன். இந்த இடத்தில் நானே ஒரு முறை தவறியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடை. கிரானைட் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய 2,700 கிலோ. உங்கள் கல் 1.8 × 0.5 × 0.03 மீட்டர், ஆக 73 கிலோ. பூச்சோடு சேர்த்து உங்கள் சுவர் 140 மி.மீ. கனம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். சமையலறைப் பக்கம் 40 மி.மீ. விட்டால், ஸ்டூல் பக்கம் 320 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கல்லின் எடைமையம் அதன் நடுவில், அதாவது உள்விளிம்பிலிருந்து 250 மி.மீ.யில். சுவரின் வெளிமுகமோ 180 மி.மீ.யிலேயே முடிந்துவிடுகிறது. அதாவது எடைமையம் சுவருக்கு 70 மி.மீ. வெளியே தொங்குகிறது. ஒட்டாமல் வைத்துக் கையை எடுத்தால் கல் தானாகவே கவிழும்.

தொழிலில் சொல்லும் கணக்கு இதுதான்: 20 மி.மீ. கல்லைத் தாங்கியில்லாமல் 150 மி.மீ. வரைக்கும், 30 மி.மீ. கல்லை 250 மி.மீ. வரைக்கும் நீட்டலாம். அதுவும் கல்லில் மூன்றில் இரண்டு பங்காவது அடியில் எதன் மேலாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் கல்லில் மூன்றில் ஒரு பங்குகூட உட்கார்ந்திருக்கவில்லை.

இனி ஆள். காவடி நாளில் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருக்கும்போது யாராவது ஒருவர் அந்த விளிம்பில் சாய்வார், ஒரு பையன் ஏறி உட்கார்வான். 100 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் அந்த 100 கிலோ, சுவர்முகத்திலிருந்து 0.32 மீட்டர் தூரத்தில். பெருக்கினால் 32 கிலோகிராம்-மீட்டர் கவிழ்ப்பு. கல்லின் சொந்தக் கவிழ்ப்பு 73 × 0.07, அதாவது 5. மொத்தம் 37.

இதை எதிர்த்து நிற்பது எது? சுவரின் எடை. 1.8 மீட்டர் நீளம், 1.05 உயரம், 0.14 கனமுள்ள செங்கல் சுவர் சுமார் 500 கிலோ. ஆனால் அதன் எடைமையம் வெளிப்பக்க அடிவிளிம்பிலிருந்து 0.07 மீட்டர்தான். பெருக்கினால் 35. கவிழ்ப்பது 37, தடுப்பது 35. சுவரின் ஒரு முனை பெரிய சுவரோடு பின்னியிருப்பதாலும், அடியில் சாந்து பிடித்திருப்பதாலும்தான் இப்படிப்பட்ட மேடைகள் பல வீடுகளில் நிற்கின்றன. சுவரின் வெறும் முனைக்கு அந்தப் பிடிப்பு கம்மி. கடைக்குப் போவதற்கு முன் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள்: அந்த முனையின் தலையில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தித் தள்ளுங்கள். கொஞ்சமாவது அசைந்தாலோ, அடியில் தரையோடு சேரும் இடத்தில் பூச்சில் கோடு தெரிந்தாலோ, அந்தச் சுவரில் எந்தப் பிராக்கெட்டை முடுக்கினாலும் சுவரும் பிராக்கெட்டும் சேர்ந்தே சாயும்.

அடுத்து பட்டை. கடையில் விற்பது பெரும்பாலும் 65 மி.மீ. அகலம், 12 மி.மீ. கனமுள்ள பிளாட் பார். கையில் எடுத்தால் நல்ல கனமாக இருக்கும், நம்பிக்கை வந்துவிடும். ஆனால் படுக்கப் போட்ட பட்டை வளையும். 250 மி.மீ. நீண்டிருக்கும் ஒரு பட்டையின் நுனியில் 100 கிலோ வைத்தால் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாகத் தாழும். இரும்புக்கு அது ஒன்றுமில்லை, எடையை எடுத்ததும் நிமிர்ந்துவிடும். கல்லால் அவ்வளவு வளைய முடியாது. 30 மி.மீ. கல் பட்டையைவிடப் பல மடங்கு விறைப்பானது. அதனால் எடை முழுவதையும் கல்தான் முதலில் வாங்கிக்கொள்ளும், பட்டை அடியில் சும்மா கிடக்கும். கல்லில் விரிசல் விழுந்த பிறகுதான் பட்டைக்கு வேலை வரும். துண்டு முழங்காலில் விழாமல் பிடித்துக்கொள்ளும். அது வேண்டியதுதான், ஆனால் நீங்கள் கேட்டது அதுவல்லவே.

ஃபீனிக்ஸில் ஒரு வீட்டில் நான் செய்தது இன்னும் மோசம். 6 மி.மீ. பட்டை போட்டேன், அதன் வாலைச் சுவரின் தலைப்பூச்சில் ஸ்க்ரூவால் முடுக்கினேன். கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பது அப்போது எனக்கு மண்டையில் ஏறவில்லை. சில மாதம் கழித்து அந்த வீட்டு அக்கா கூப்பிட்டு, "தம்பி, இந்தக் கோட்டில் மஞ்சள் ஏறுது, தேய்ச்சாலும் போகலை" என்றார். போய்ப் பார்த்தேன். கல்லின் மேல்முகத்தில், சுவரின் வெளிமுகத்துக்கு நேர் மேலே, தலைமுடி போல ஒரு கோடு. விரிசல் அங்கேதான் பிறக்கும், ஏனென்றால் நீட்டிய கல்லில் இழுவிசை மேல்முகத்தில்தான். அடியில் குனிந்து தேடினால் எதுவும் தெரியாது. இப்படி ஏதாவது சந்தேகம் வந்தால் ஈரத்துணியால் மேலே துடைத்துவிட்டுக் காயவிட்டுப் பாருங்கள். கல் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் கருப்பாக ஈரத்தோடு நின்றால் அது கல்லின் இயற்கை ரேகை அல்ல. அந்தக் கல்லை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

உங்கள் வீட்டுக்கு நான் செய்வது இதுதான். பாரத்தைச் சுவரிடம் கொடுக்காமல் தரையிடம் கொடுக்க வேண்டும். சமையலறைப் பக்கம் அலமாரிகளின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே 50 மி.மீ. இடம் எடுத்து, அதில் 50 × 50 ஸ்கொயர் டியூப், 3 மி.மீ. கனத்தில், மூன்று தூண்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பேஸ் பிளேட், கான்கிரீட் தரையில் ஆங்கர் போல்ட். நடுவில் இரண்டு உயரத்தில் சுவரோடும் போல்ட். உங்கள் சுவர் ஹாலோ பிளாக்காக இருந்தால் விரிந்து பிடிக்கும் போல்ட் வேண்டாம், பிளாக்கின் மெல்லிய பக்கங்களை உடைத்துவிடும். வலைக்குழாய் செருகி, கெமிக்கல் ஆங்கர் போடச் சொல்லுங்கள். தூணின் தலையிலிருந்து 38 × 38 ஸ்கொயர் டியூபில் ஒரு கை, வெல்டிங் செய்து, சுவரைத் தாண்டி வெளியே வரும். அதற்காகச் சுவரின் தலைவரிசையில் 40 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்ட வேண்டும், கையின் மேல்முகம் சுவரின் தலையோடு சமமாக நிற்கும்படி.

இங்கே ஏன் டியூப் என்றால், 2 மி.மீ. கனமுள்ள அந்த 38 டியூபின் இரும்பு எடை 65 × 12 பட்டையில் பாதிகூட இல்லை, ஆனால் விறைப்பு கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அதே 100 கிலோவுக்கு அதே நீளத்தில் கை அரை மி.மீ.கூடத் தாழாது. தூணும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாயும். அதனால்தான் நடுவில் அந்தச் சுவர் போல்ட்டுகளை விடக்கூடாது.

கைகளைக் கல்லின் ஒரு முனையிலிருந்து 300, 900, 1,500 மி.மீ.யில் வையுங்கள். நுனி கல்லின் விளிம்புக்கு 70 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும். கருப்பு பெயிண்ட் அடித்தால் தரையில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்டூலில் உட்கார்பவரின் முழங்காலுக்கும் தட்டாது.

கல் வருவதற்கு முன் மூன்று கைகளின் மேலும் நேர்ப்பட்டையையும் ரசமட்டத்தையும் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் 2 மி.மீ. உயரமாக நின்றால் அதன் மேல் கல் கத்திமேல் நிற்பதுபோல் நிற்கும், வேறு எந்தத் தவறும் இல்லாமலே அங்கே உடையலாம். உயர்ந்ததை அறுத்துத் தேய்ப்பதைவிட மற்ற இரண்டிலும் மெல்லிய தகடு வைப்பது சுலபம். ஒட்டுவதற்கு விறைப்பான எப்பாக்ஸி வேண்டாம். இரும்பும் கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் நீளாது. சிலிக்கோன் போடுங்கள், அதுவும் நியூட்ரல் வகை. வினிகர் வாடை வீசும் சிலிக்கோன் துத்தநாகப் பூச்சை அரிக்கும், மார்பிள் என்றால் கறையும் விழும்.

துத்தநாகம் என்றதும் ஞாபகம் வருகிறது: துளைகள், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் கால்வனைஸுக்கு அனுப்ப வேண்டும். டர்பனின் கடல்காற்றில் வெல்டிங் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பெருத்து இடம் பிடிக்கும், மேலே இருக்கும் கல்லை நெம்பும். கல்லின் அடியில் காடி வெட்டிச் சாதாரண இரும்புக் கம்பி பதிப்பதை நான் விரும்பாததற்கும் அதே காரணம்தான்.

மரம் போட்டால் கணக்கு நிறைய மாறும். இங்கே எளிதாகக் கிடைக்கும் சலிக்னாவில் 40 மி.மீ. கனம் என்றால் அதே அளவுப் பலகை 20 கிலோவை ஒட்டி இருக்கும். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதனால் பட்டையோடு சேர்ந்து பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். அடியில் ரவுட்டரால் காடி எடுத்து 12 மி.மீ. பட்டையைப் பதித்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஆள் சாயும் கவிழ்ப்பு அதே 32 கிலோகிராம்-மீட்டர், ஆகவே தூண்கள் வேண்டியதுதான். பட்டையைத் தூணின் தலையில் வெல்டிங் செய்துகொள்ளலாம்.

மரத்தில் கவனிக்க வேண்டியது நார். பலகையின் நார் நீளவாக்கில் ஓடும், பட்டை அதற்குக் குறுக்கே கிடக்கும். மரம் ஈரத்தில் விரிவதும் காய்ந்து சுருங்குவதும் அந்தக் குறுக்குவாக்கில்தான். ஜோஹனஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் ஒட்டிச் செய்த பலகை டர்பனின் கோடைக்கு வந்தால் அரை மீட்டர் அகலத்தில் சில மி.மீ. வரை விரியும். பட்டையில் எல்லாத் துளைகளையும் வட்டமாகப் போட்டு ஸ்க்ரூவை இறுக்கினால் பலகைக்குப் போக இடமில்லாமல் ஒட்டுவரிசையில் பிளக்கும். சுவருக்கு மேலே வரும் ஒரு துளையை மட்டும் வட்டமாக விடுங்கள். மற்ற துளைகளைப் பட்டையின் நீளவாக்கில் 10 மி.மீ. நீட்டி, வாஷர் போட்டு, ஸ்க்ரூ பிடித்தும் பிடிக்காமலும் நகர விடுங்கள். பலகையைப் பூட்டும் முன் இரண்டு வாரமாவது உங்கள் வீட்டிலேயே, இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி கட்டைகளின் மேல் கிடத்தி வையுங்கள்.