26 கிலோ சிப்பம் ஏன் மலிவு?

கேள்வி: அப்பா மளிகைக் கடை நடத்துகிறார். அரிசி மண்டிக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் விலைகளை ஒப்பிட பைதானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரே மில், ஒரே பொன்னி. ஆனால் 25 கிலோ சிப்பத்தைவிட 26 கிலோ சிப்பம் விலை குறைவு. பல மில்களில் இப்படியே வருகிறது. ஸ்கிரிப்ட் தப்பா, சரக்கு மட்டமா? அப்பா எதை வாங்கலாம்?

பதில்: இரண்டும் இல்லை, நீங்கள் பார்த்தது ஜிஎஸ்டி. பையில் அடைத்து விவரம் அச்சிட்ட அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5% வரி உண்டு. ஆனால் 25 கிலோ வரை உள்ள பைக்கு மட்டும்தான். சரியாக 25 கிலோ என்றாலும் வரி வரும், அதைத் தாண்டினால் வராது. அதனால்தான் மில்காரர்கள் ஒரு கிலோ கூட்டி 26 கிலோவாக அடைக்கத் தொடங்கினார்கள். எல்லை சட்டத்திலேயே இருக்கிறது, எனவே இது வரி ஏய்ப்பு அல்ல. வாங்குகிறவர் பயப்பட வேண்டியதில்லை.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். 25 கிலோ சிப்பம் 1,400 ரூபாய், வரி தனி. 5% சேர்த்தால் 1,470, அதாவது கிலோ 58.80. அதே அரிசி 26 கிலோ 1,456 ரூபாய், வரி இல்லை, கிலோ 56. வரியை விட்டுவிட்டுப் பாருங்கள்: 1,400ஐ 25ஆல் வகுத்தாலும் கிலோ 56தான். மில்லின் விலை மாறவே இல்லை.

ஆகவே சிப்பத்தின் விலையை ஒப்பிடாமல், கையைவிட்டுப் போகும் பணத்தைக் கிலோவுக்கு ஒப்பிடுங்கள்:

```python
tax = 0.05 if kg <= 25 and not tax_included else 0
per_kg = price * (1 + tax) / kg
```

இதில் `tax_included` என்பதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். சில மண்டிகள் வரியோடு விலை போடும், சில போடாது. பட்டியலில் எழுதாதவர்களிடம் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஊகித்து நிரப்பினால் முழு ஒப்பீடும் கெட்டுவிடும்.

அப்புறம், 25 கிலோவின் `per_kg`-ஐ 26 கிலோவினதால் வகுத்துப் பாருங்கள். 1.05ஐ ஒட்டி வந்தால் வித்தியாசம் வரியால் மட்டுமே. 1.00 வந்தால், வரி தனி என்பதை ஸ்கிரிப்ட் கவனிக்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். 1.10, 1.15 என்று போனால் காரணம் சரக்கில் இருக்கிறது. புது அரிசியைப் பழைய அரிசியோடு ஒப்பிட்டிருப்பீர்கள், அல்லது இரண்டும் வேறு ரகம். அந்த இடத்தில் ஸ்கிரிப்டை நம்பாமல் மாதிரி வாங்கி அப்பாவிடம் காட்டுங்கள். ஒரு பிடி அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்து அவர் சொல்வதை எந்த விலைப்பட்டியலும் சொல்லாது.

எதை வாங்குவது என்பது அப்பா எப்படி விற்கிறார் என்பதைப் பொறுத்தது. சிப்பத்தைப் பிரித்து, கேட்கிறவர்களுக்கு எடை போட்டுக் கொடுக்கிறார் என்றால் சந்தேகமே வேண்டாம், 26 கிலோதான். சில்லறையாக எடை போட்டு விற்கும் அரிசிக்கு வரி இல்லை. அதனால் 25 கிலோ சிப்பத்துக்குக் கட்டிய 5%-ஐ, விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழியும் இல்லை. அது முழுக்க அவர் தலையில் விழும். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தாலும், ஜிஎஸ்டி பதிவே இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

வழக்கமான பதிவு வைத்துக்கொண்டு சிப்பத்தைப் பிரிக்காமல் விற்கிறார் என்றால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாடிக்கையாளர் பில்லில் 5% ஏறும். பக்கத்துக் கடையில் 26 கிலோ இருந்தால், மாதச் சாமான் வாங்குகிறவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். 26 கிலோவைப் பிரித்து, முன்கூட்டியே 5 கிலோ பைகளாகக் கட்டி, லேபிள் ஒட்டி அடுக்கி வைத்தால், அந்தப் பைகளுக்கு வரி திரும்ப வந்துவிடும். ஆள் கேட்ட பிறகு எடை போடுவது வேறு, அடைத்து வைத்து விற்பது வேறு.

கடைசியாக, எடை. 25 கிலோவைத் தாண்டிய பைகளுக்குச் சில்லறைப் பொட்டல விதிகள் பெரும்பாலும் பொருந்தாது. அதனால் சரக்கு இறங்கும்போதே ஓரிரு சிப்பங்களைத் தராசில் வையுங்கள், பிரித்த பிறகு வெறும் பையையும் எடை போட்டுக் கழியுங்கள். மேலே சொன்ன கணக்கில் உங்கள் லாபம் கிலோவுக்கு 2.80. சிப்பத்தில் ஒன்றேகால் கிலோ குறைந்தால் அந்த லாபம் முழுவதும் போய்விடும். அரைக் கிலோ குறைந்தாலே பாதிக்குக் கொஞ்சம் கம்மியாகப் போகும். அந்த நிகர எடையையே ஸ்கிரிப்டில் `kg` இடத்தில் போட்டு, மில் வாரியாகச் சேமித்து வாருங்கள். `kg <= 25` என்ற வரிச் சோதனைக்கு மட்டும் பையில் அச்சிட்ட எடையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.