மிளகாய் உலர்த்த ஓடிஜி போதுமா?

கேள்வி: மாடித் தோட்டத்தில் பழுத்த மிளகாயை மழை நாளில் ஓடிஜியில் உலர்த்தினேன். வெளியே கறுத்துவிட்டது, டப்பாவில் போட்ட சில நாட்களில் உள்ளே பூஞ்சை பிடித்தது. டீஹைட்ரேட்டர் வாங்கினால்தான் சரிவருமா?

பதில்: வாங்கும் முன் உங்கள் ஓடிஜியின் வெப்பத் திருகைப் பாருங்கள். மிளகாய்க்கு வேண்டியது 55 முதல் 60 டிகிரி செல்சியஸ். பல ஓடிஜிகளில் எண்களே 100-இல்தான் தொடங்குகின்றன. அந்தச் சூட்டில் மிளகாயின் தோல் முதலில் காய்ந்து இறுகிவிடுவதால், உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிக் காம்படியிலும் விதைத் தண்டிலும் தங்கிவிடுகிறது. கையில் எடுத்தால் காய்ந்ததுபோல் தோன்றும். டப்பாவில் அடைத்ததும் அந்த ஈரமே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும்.

சூட்டைக் குறைத்தால் மட்டும் போதாது. மிளகாயிலிருந்து கிளம்பும் நீராவியைக் காற்று வெளியே கொண்டுபோக வேண்டும். கதவு மூடிய ஓடிஜியில் விசிறி ஓடினாலும் அதே ஈரக்காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். கதவுக் கண்ணாடியில் நீர்த்துளி படிவது அதற்கு அடையாளம். உங்கள் ஓடிஜியில் 60 டிகிரியும் விசிறியும் இருந்தால், மரக்கரண்டி ஒன்றைக் கதவிடுக்கில் செருகி இரண்டு விரல் அகலம் திறந்து வைத்து, உள்ளே ஒரு அடுப்பு வெப்பமானியையும் வைத்துப் பாருங்கள். திருகு காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். சன்னலையும் திறந்து வையுங்கள், நெடி வீட்டையே இருமவைக்கும்.

ஒரு கிலோ பழமிளகாயைக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் கீறி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் கம்பித் தட்டில் பரப்புங்கள். மிளகாய்த் தோலில் மெழுகுபோன்ற பூச்சு இருப்பதால் கீறாமல் வைத்தால் நேரம் வெகுவாகக் கூடும். கீறியது பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். எடை ஏறத்தாழ கால் கிலோவுக்கு இறங்கி, ஆறிய பின் வளைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். சூடாக இருக்கையில் சோதித்தால் நன்கு காய்ந்ததும் துவளும், ஏமாறாதீர்கள். பிறகு கண்ணாடிப் புட்டியில் ஒரு வாரம் வைத்துத் தினமும் குலுக்கிப் பாருங்கள். உட்சுவரில் ஈரம் தென்பட்டால் மீண்டும் உலர்த்துங்கள்.

ஓடிஜி 100-இல் தொடங்குவதாக இருந்தால், ஆண்டுக்கு ஒரு கிலோ மிளகாய்க்காகத் தனிக் கருவி வாங்குவது வீண் என்பேன்; வெயில் வரும்வரை மிளகாயை உறைபெட்டியில் வைத்திருக்கலாம். வாரந்தோறும் மாம்பழத் துண்டு, புதினா, கறிவேப்பிலை என்று உலர்த்துவதாக இருந்தால் மட்டும் டீஹைட்ரேட்டர் வாங்குங்கள். அதில் வெப்பத்தை 40 டிகிரிவரை இறக்க முடிகிறதா என்று கேளுங்கள், ஏனெனில் அதற்கு மேல் போனால் புதினாவின் மணம் பறந்துவிடும். விசிறி பின்பக்கம் இருந்தால் எல்லாத் தட்டுகளுக்கும் காற்று ஏறக்குறைய ஒன்றுபோல் போகும். அடியில் விசிறி வைத்த அடுக்குத் தட்டு வகை விலை குறைவுதான். ஆனால் கீழ்த்தட்டு காய்ந்த பிறகும் மேல்தட்டு ஈரமாகவே இருக்கும் என்பதால், இரண்டு மணிக்கு ஒருமுறை தட்டுகளை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.