அட்டையில் மூன்றாம் பதிப்பு, உள்ளே இரண்டாம் பதிப்பு

கேள்வி: அண்ணாச்சி, மகள் நாகர்கோவிலில் பி.எஸ்சி. நர்சிங் முதல் வருஷம். உடற்கூறியல் புத்தகம் ஒன்று ஆன்லைனில் வாங்கினோம். அட்டையில் விலை 1,650 ரூபாய், எங்களுக்கு 490-க்குக் கிடைத்தது. படமெல்லாம் மங்கல். விற்பனைப் பக்கத்திலும் அட்டையிலும் மூன்றாம் பதிப்பு, உள்ளே இரண்டாம் பதிப்பு என்று போட்டிருக்கிறது. கேட்டால், “புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது, வேண்டுமானால் வேறு பிரதி அனுப்புகிறோம்” என்கிறார்கள். டூப்ளிகேட் என்று நாங்கள் எப்படி நிரூபிப்பது?
– தக்கலையிலிருந்து ஒரு தாய்

பதில்: நீங்கள் அதை நிரூபிக்கவே வேண்டாம். பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். புகாரின் முதல் வரியிலேயே “இது திருட்டுப் பதிப்பு” என்று எழுதிவிடுவார்கள், விற்றவர் “இல்லை, அசல்தான்” என்று ஒரு வரியில் பதில் போட்டுவிடுவார், அதற்கப்புறம் பேச்செல்லாம் அதைச் சுற்றியே ஓடி ரிட்டர்ன் நாளும் தாண்டிவிடும். உங்கள் கையில் அதைவிட உறுதியான ஒன்று இருக்கிறது. விற்பனைப் பக்கத்தில் மூன்றாம் பதிப்பு என்று சொல்லி, உள்ளே இரண்டாம் பதிப்பை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இதைக் கண்ணால் பார்த்தாலே போதும், எந்த நிபுணரும் வரவேண்டியதில்லை. அதனால் புகாரில் “விளம்பரப்படுத்திய பதிப்பு வரவில்லை, அச்சும் குறைபாடு உள்ளது, பணத்தைத் திருப்பித் தாருங்கள்” என்று மட்டும் எழுதுங்கள். ‘அசல் இல்லை என்று சந்தேகிக்கிறோம்’ என்பது கடைசி வரியாக வந்தால் போதும்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் சரியா என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் வேறு பிரதியா, பணமா எதைக் கேட்பது என்பது அதைப் பொறுத்தது. பின்னட்டையில் பார்கோடுக்கு மேலே ஐ.எஸ்.பி.என். என்ற 13 இலக்கப் புத்தக அடையாள எண் இருக்கும். உள்ளே பதிப்பு விவரம் உள்ள பக்கத்திலும் அதே எண் இருக்க வேண்டும். மறுஅச்சு என்றால் பழைய எண்ணே தொடரும், புதுப் பதிப்பு என்றால் எண்ணும் புதிது. உங்கள் புத்தகத்தில் இரண்டு எண்ணும் வேறு வேறாக இருந்தால், யாரோ பழைய பதிப்பை ஸ்கேன் செய்து அடித்து, அதன் மேல் புதுப் பதிப்பின் அட்டையை மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. பதிப்பகத்தின் தவறாக இருக்காதா என்று கேட்கலாம். அட்டையும் உள்பக்கமும் மாறிப்போவது அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் படமும் மங்கல், விலையும் 70 சதவீதம் குறைவு என்று மூன்றும் சேர்ந்து வரும்போது அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. நடப்புப் பாடப்புத்தகத்துக்கு ஓரளவு தள்ளுபடி எங்கேயும் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே யாரும் அசலைத் தரமாட்டார்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது, மகளையே செய்யச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் வைத்து, போன் கேமராவில் பெரிதாக்கி, ஒரு கலர்ப் பக்கத்தில் இருக்கும் சின்ன கறுப்பு எழுத்தைப் பார்க்கட்டும். அசல் அச்சில் எழுத்து கறுப்பு மை ஒன்றில் மட்டும் விழுந்திருக்கும், ஓரம் கத்தியால் வெட்டினது போல இருக்கும். ஸ்கேன் செய்து அடித்ததில் அந்தக் கறுப்பும் ஒரு படமாகத்தான் போயிருக்கும், அதனால் நாலு கலர் மையும் கலந்து, எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ கசிந்தது போலத் தெரியும். படங்களில் ஒரு வலை பின்னியது போன்ற அலை தெரிந்தாலும் அதே கதைதான், அச்சில் ஏற்கெனவே இருக்கும் புள்ளிகளை மறுபடி ஸ்கேன் செய்து புள்ளியாக்கும்போது வருவது அது. தைத்த பக்கமாக, பக்கத்தின் உள்ளோரத்தில் கறுப்பு நிழல் விழுந்திருந்தால் புத்தகத்தை விரித்து வைத்து ஸ்கேன் எடுத்த அடையாளம். உடற்கூறியல் புத்தகத்தில் இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. தமனி சிவப்பு, சிரை நீலம் என்று காட்டியிருக்கும் இடத்தில் இரண்டும் பழுப்பாகிவிட்டால், பெயரிலிருந்து உறுப்புக்குப் போகும் மெல்லிய கோடும் பாதியில் காணாமல் போனால், அதை வைத்து என்ன படிப்பது?

சரி, இனி செய்ய வேண்டியது. முதலில் புத்தகத்தில் பெயர் எழுதாதீர்கள், பழக்கதோஷத்தில் பிரவுன் அட்டை போட்டுவிடவும் வேண்டாம். பார்சல் மேல் ஒட்டிய சீட்டு, முன்னட்டை, பின்னட்டை எண், பதிப்பு விவரப் பக்கம், மோசமான படப் பக்கம் ஒன்று, இவற்றைப் படம் எடுங்கள். அதோடு விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், விற்பவரின் பெயரும் ‘மூன்றாம் பதிப்பு’ என்ற வரியும் அதில் தெரிய வேண்டும். புகார் போனதும் அந்தப் பக்கம் மாறிவிடுவது உண்டு. புத்தகம் திரும்பிப் போனபின் உங்களிடம் இருக்கப்போவது இந்தப் படங்கள்தான்.

‘ரிட்டர்ன் கிடையாது’ என்பதற்கு மதிப்பில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், குறைபாடுள்ள பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததையோ திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக்கூடாது, பணம் தரவும் மறுக்கக்கூடாது என்கின்றன. மனசு மாறித் திருப்பித் தருவது வேறு, இது வேறு. வேறு பிரதி தருகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அதே கட்டிலிருந்து இன்னொன்று வரும், அதற்குள் மகளுக்கு இன்டர்னல் பரீட்சையும் வந்துவிடும்.

விற்பவர் அசையவில்லை என்றால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு போதும்:

“ஆர்டர் எண் இது. விற்பனைப் பக்கத்தில் மூன்றாம் பதிப்பு என்று உள்ளது. வந்த புத்தகத்தின் அட்டை மூன்றாம் பதிப்பு, உள்ளே பதிப்பு விவரப் பக்கத்தில் இரண்டாம் பதிப்பு. வண்ணப் படங்கள் படிக்க முடியாதபடி உள்ளன. படங்கள் இணைப்பில். மாற்றுப் பிரதி வேண்டாம். 490 ரூபாயைத் திருப்பித் தந்து, புத்தகத்தை உங்கள் செலவில் எடுத்துக்கொள்ளவும். அசல் பதிப்பு அல்ல என்ற சந்தேகமும் உண்டு.”

அதற்கும் பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். consumerhelpline.gov.in தளத்திலும் பதியலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது, நிறுவனத்திடம் பேசித் தீர்த்துவைப்பார்கள், ஆனால் பெரிய தளங்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் இறங்கி வந்துவிடும். கடைசியாக, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷ அவகாசம் உண்டு. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தும் போடலாம். 490 ரூபாய்க்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் முடிவு. நான் 1915-ஓடு நிறுத்திக்கொள்வேன், ஆனால் ஒரே வகுப்பில் பத்துப் பேர் அதே விற்பவரிடம் ஏமாந்திருந்தால் கட்டாயம் போகச் சொல்வேன்.

திருட்டுப் பதிப்பு என்ற விஷயத்தை யாரிடம் சொல்வது? பதிப்பகத்திடம். படங்களையும் விற்பவர் பெயரையும் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சலில் அனுப்புங்கள். எது தங்கள் அச்சு, எது இல்லை என்று அவர்களால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், அவர்கள் எழுத்தில் ‘இது எங்களுடையது இல்லை’ என்று தந்துவிட்டால் உங்கள் பணப் புகாருக்கும் அது பெரிய பலம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் தெரிந்தே இப்படி அச்சடித்து விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஏமாந்து வாங்கின உங்களுக்கு அதில் பயம் ஒன்றும் வேண்டாம். ஒன்று மட்டும், பணம் வராவிட்டால் அடுத்த வருஷம் ஜூனியருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்று மகள் நினைத்தால் தடுத்துவிடுங்கள், டூப்ளிகேட் என்று தெரிந்து விற்றால் நீங்களும் விற்பவர் கணக்கில் வந்துவிடுவீர்கள்.

கேள்வி: பதிப்பகத்திலிருந்தே நேரடியாக வரவழைத்த தமிழ் நாவல். பழைய பதிப்பைவிடத் தாள் வெளுப்பாக இருக்கிறது, எழுத்தும் கொஞ்சம் மெலிவு. இதுவும் டூப்ளிகேட்டா?
– கருங்கல் வாசகர்

பதில்: இருக்காது. இப்போது நிறையத் தமிழ்ப் பதிப்பகங்கள் ஐம்பது, நூறு என்று தேவைக்கேற்ப டிஜிட்டலில் அடிக்கின்றன. ஆஃப்செட்டில் அடித்த பழைய பிரதியோடு வைத்துப் பார்த்தால் தாளும் கறுப்பும் வித்தியாசப்படும், அவ்வளவுதான். சந்தேகம் தீர வேண்டுமானால் மெய்யெழுத்துகளின் புள்ளியைப் பாருங்கள். புள்ளி தனியாக நின்றால், ண, ஞ எழுத்துகளின் சுழிக்குள் வெள்ளை தெரிந்தால் கோப்பிலிருந்து நேராக அடித்தது. ஸ்கேன் பிரதியில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், சுழி அடைந்துபோகும்.

புத்தகத்தை மூடி வைக்குமுன் பக்க எண்களை ஒருமுறை புரட்டிவிடுங்கள். 96-க்கு அப்புறம் 113 வந்தால் பைண்டிங்கில் ஒரு பாரம், அதாவது 16 பக்கம், விட்டுப்போயிருக்கிறது. இது அசல் புத்தகத்திலும் நடக்கும். இதற்குப் பணம் கேட்க வேண்டியதில்லை, அந்த இரண்டு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பதிப்பகங்கள் வழக்கமாக வேறு பிரதி அனுப்பிவிடும்.