மேலாளரையும் ஆய்வு மாணவியையும் ஒரே மெயிலில் அறிமுகப்படுத்துவது எப்படி?

தம்பி, நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். "சார், இவங்க எங்கள் கல்லூரியில் பிஎச்.டி. செய்கிறார்கள், அக்கா, இவர் நான் இன்டர்ன்ஷிப் செய்த சாயப்பட்டறையின் மேலாளர், நீங்கள் இருவரும் பேசினால் பயனுள்ளதாக இருக்கும்" என்று மூன்றே வரி. இதை அப்படியே அனுப்பாதே. படிக்கிற இரண்டு பேருக்கும் "சரி, எதற்கு?" என்றுதான் தோன்றும். உன் முகத்துக்காக ஆளுக்கொரு "நன்றி" போடுவார்கள், அதோடு முடிந்தது.

முதலில் யாருக்கு என்ன வேண்டும் என்று பார். திருப்பூரில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடும் என்றாகிவிட்டது. தண்ணீரை ஆர்.ஓ.வில் மீட்டு, மிச்சத்தைக் காய்ச்சி, சோடியம் சல்ஃபேட்டைத் தனியே எடுத்துத் திரும்பச் சாயத்துக்கே போடுகிறார்கள். கடைசியில் தங்குகிற கலப்பு உப்புதான் தலைவலி. அதில் சாதா உப்பும் சல்ஃபேட்டும் சாய அழுக்கும் சேர்ந்திருப்பதால் எதற்கும் ஆகாமல் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. உன் மேலாளருக்கு அந்த இடம் காலியாக வேண்டும். அக்காவோ அதே உப்பைப் பிரிக்கும் முறையை ஆய்வகத்தில், தானே கலந்து செய்த உப்பில் சோதித்துக்கொண்டிருக்கிறார். உண்மையான பட்டறை உப்பில் நிரூபிக்காமல் அவரது ஆய்வு முழுமையடையாது. ஆக, ஒருவரிடம் இருப்பது அடுத்தவருக்குத் தேவை. இது மெயிலில் தெரிய வேண்டும். உன் வரைவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆனால் உடனே மெயில் எழுத உட்காராதே. அதற்கு முன் இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், கேட்காமல் ஒருவரின் முகவரியை இன்னொருவருக்குக் கொடுத்தால் பதில் சொல்லும் கடமையை அவர் தலையில் கட்டியதாக ஆகும். முதலில் அக்காவிடம் போ, ஏனென்றால் கேட்கப்போவது அவர்தான். "உங்களுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், பதிலுக்கு என்ன தருவீர்கள்" என்று நாலு வரியில் எழுதி வாங்கு. அரை கிலோ மாதிரி, வேறு வேறு நாளில் எடுத்ததாக மூன்று (ஓடுகிற சாயத்தைப் பொறுத்து உப்பின் கலவை மாறும் அல்லவா, அதனால்தான் மூன்று), பதிலுக்கு ஒவ்வொரு மாதிரியிலும் எந்த உப்பு எவ்வளவு என்ற அறிக்கை. இந்த அளவுக்குத் திட்டமாக இருந்தால் போதும். "பட்டறையோடு இணைந்து பணியாற்ற விரும்புகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

அந்த நாலு வரியைத்தான் மேலாளருக்கு அனுப்பி, "சார், இப்படி ஒருத்தர் கேட்கிறார், அறிமுகப்படுத்தலாமா?" என்று கேட்கிறாய். அவர் முதலாளியிடம் கேட்க வேண்டியிருந்தால் அதே வரிகளை அப்படியே தள்ளிவிடலாம், புதிதாக எழுத வேண்டியதில்லை. அவர் வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்து, அக்காவிடம் "இப்போது தோதுப்படவில்லையாம்" என்று சொல்லிவிடு, யாருக்கும் சங்கடமில்லை.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றும் கேட்டுக்கொள், இதுதான் நிறையப் பேர் கோட்டை விடுகிற இடம்: எதையெல்லாம் எழுத்தில் சொல்லலாம்? கொட்டகையில் எத்தனை டன் கிடக்கிறது என்பது நீ உள்ளே வேலை பார்த்ததால் தெரிந்த விஷயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சம்பந்தப்பட்ட கணக்கு அது, மெயிலில் ஏறினால் யாரிடம் வேண்டுமானாலும் போகும். பட்டறையின் பெயரைக்கூட ஆய்வுக் கட்டுரையில் போடக் கூடாது என்று அவர் சொல்லலாம். அவர் சரி என்றதை மட்டும் எழுது. செல்பேசி எண்ணையும் அப்படித்தான்.

இரண்டு பேரும் சரி என்ற பிறகு எழுதும் மெயில் ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்:

"பொருள்: அறிமுகம் – கலப்பு உப்பு மாதிரி பரிசோதனை

வணக்கம் சார், வணக்கம் அக்கா. இருவரிடமும் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன்.

சார், அக்கா கலப்பு உப்பிலிருந்து சல்ஃபேட்டைப் பிரிக்கும் முறையை ஆராய்கிறார். மூன்று மாதிரிகள் கொடுத்தால் அவற்றில் எவ்வளவு மீட்க முடியும் என்று அறிக்கை தருவார், கட்டணம் இல்லை.

அக்கா, சார் சாயப்பட்டறையில் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறார். மூன்று மாதமாக அவரிடம் வேலை கற்றேன். எந்த நாளில் எந்தச் சாயம் ஓடியது என்ற விவரத்தோடு மாதிரி கிடைக்க வாய்ப்பு உண்டு.

அக்கா, மாதிரி எப்படி எடுக்க வேண்டும் என்று நீங்கள் சாருக்கு எழுதிவிடுங்கள். சார், எந்த நாள் தோதுப்படும் என்று மட்டும் சொன்னால் போதும்."

கவனி, மேலாளரிடம் பேசும் பத்தியில் அவருக்கு வரும் லாபம்தான் இருக்கிறது, அக்காவின் பட்டமும் பரிசும் இல்லை. அக்காவிடம் பேசும் பத்தியில் அவர் ஆய்வுக்கு வேண்டியது இருக்கிறது. ஒரே காரணத்தை இருவருக்கும் பொதுவாக எழுதினால் இரண்டு பேருமே அது மற்றவருக்கானது என்று நினைத்துக்கொள்வார்கள். கடைசிப் பத்தியில் யார் முதலில் எழுத வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டாய். இது இல்லாவிட்டால் "அவங்க எழுதட்டும்" என்று இவரும், "சார் பெரியவர், அவர் சொல்லட்டும்" என்று அவரும் காத்திருந்தே ஒரு வாரம் போய்விடும். தேவை உள்ளவர் முதலில் எழுதுவதுதான் முறை. மேலாளருக்கு விட்ட வேலையும் ஒரு நாளைச் சொல்கிற வேலைதான், வேன் ஏறுவதற்கு முன் செல்பேசியிலேயே தட்டிவிடலாம்.

சனிக்கிழமை அனுப்பாதே, திருப்பூரில் அது சம்பள நாள், மேலாளர் மெயில் பார்க்க மாட்டார். செவ்வாய், புதன் காலை நல்லது. அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவை: மெயில் வந்த அன்றைக்கே 'ரிப்ளை ஆல்' போட்டு எழுத வேண்டும், உன் முகவரியை பி.சி.சி.க்கு மாற்றிவிட்டு. நீ அந்த முதல் பதிலைப் பார்ப்பாய், அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது உன் பெட்டியில் விழாது. நீயும் அதற்குள் நுழையாதே.

நாலு நாளாகியும் மேலாளரிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்று அக்கா சொன்னால், மூன்று பேரும் இருக்கிற மெயிலில் "நினைவூட்டுகிறேன் சார்" என்று போடாதே, அடுத்தவர் முன்னால் அவரைக் குறை சொன்னது போலாகும். வாட்ஸ்அப்பில் தனியாக, "ஷிப்மென்ட் நேரமா சார்? அடுத்த வாரம் கேட்கச் சொல்லவா?" என்று ஒரு வரி போதும்.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாய், உன் நண்பனுக்கு அதே பட்டறையில் வேலை வேண்டும், இதே மாதிரி அறிமுகம் செய்யலாமா என்று. அது அறிமுகம் இல்லை, சிபாரிசு. மேலாளருக்கு அதில் காரணம் இருக்கிறதா என்பது அங்கே ஆள் தேவையா என்பதைப் பொறுத்தது. அதை நேரடியாகக் கேள், இரண்டு பேருக்கும் நல்லது என்று ஜோடித்து எழுதாதே. இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்காமல் இருப்பதும் நல்லது.

அப்புறம், மாதிரியை நீயே எடுத்து வந்து கொடு என்று இரண்டு பேரும் சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது. சரி என்று சொல், ஆனால் உள்ளே உனக்குப் பழக்கமான ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காகப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதே. உப்பு ஈரம் இழுக்கும், காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, எடுத்த தேதியை மேலே ஒட்டி, மேலாளரிடம் கேட் பாஸ் வாங்கிக்கொண்டு வெளியே வா.